கடல்நீர் ஆர்.ஓ. நிலையக் கையேட்டைத் தமிழாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் உட்கார்ந்து தொழிற்சாலைக் கையேடுகளைத் தமிழாக்கும் வேலையில் இருக்கிறேன். எதிர்ச் சவ்வூடு பரவல், அதாவது ஆர்.ஓ. முறையில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தின் கையேடு கைக்கு வரும்போதெல்லாம், கூட வேலை செய்பவர்களும் கோலாலம்பூரிலிருந்து போன் செய்பவர்களும் பிறைத் தொழிற்பேட்டையில் இருக்கும் டெக்னீஷியன் நண்பர்களும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

"ஆஸ்மோசிஸ் தெரியும், படிவம் நாலுல மலாய்ல படிச்சது. இதுல எதுக்கு 'எதிர்'னு ஒரு சொல் வருது?"

ஒரு சவ்வின் ஒரு பக்கம் நல்ல தண்ணீர், இன்னொரு பக்கம் உப்புத் தண்ணீர் இருந்தால் நல்ல தண்ணீர் தானாகவே உப்புப் பக்கம் போகும். அதுதான் சவ்வூடு பரவல். உப்புப் பக்கத்தில் போதுமான அழுத்தம் கொடுத்தால் இந்தப் போக்கு திரும்பிவிடும். தண்ணீர் மட்டும் சவ்வைத் தாண்டி வரும், உப்பு பெரும்பாலும் பின்தங்கும். கடல்நீரின் சவ்வூடு பரவல் அழுத்தமே சுமார் 27 பார் இருக்கும். அதை மீறி வேலை நடக்க வேண்டும் என்பதால் கடல்நீர் நிலையங்களில் உயரழுத்தப் பம்பு பொதுவாக 55 முதல் 70 பார் வரை தள்ளுகிறது.

மலாயில் "ஒஸ்மோசிஸ் சொங்சாங்" என்று படித்தவர்களுக்குப் பொருள் உடனே புரியும். தமிழில் கையேட்டின் தலைப்பிலும் முதல் பக்கத்திலும் "எதிர்ச் சவ்வூடு பரவல்" என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு "ஆர்.ஓ." போதும். நிலையத்தில் யாரும் வேறு எப்படியும் சொல்வதில்லை.

"நம்ம ஊருக்கு ஆத்துத் தண்ணி வருது. கடல் தண்ணி கையேட்ட தமிழ்ல யாரு படிக்கப் போறா?"

பினாங்குக் குழாய்களில் வருவது பெரும்பாலும் மூடா ஆற்றுத் தண்ணீர், உண்மைதான். நாம் தமிழாக்கும் கையேடு போவது தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு. சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் 2010இலும் தெற்கே நெம்மேலியில் 2013இலும் ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் தரும் நிலையங்கள் தொடங்கின. அவற்றைத் தவிரக் கரையோர ஆலைகளுக்கென்று சிறிய நிலையங்களும் உண்டு. கருவி விற்கும் நிறுவனங்களின் வட்டார அலுவலகம் இங்கே இருந்தால் மொழிபெயர்ப்பு வேலையும் இங்கேயே வந்துவிடுகிறது.

ஆக, படிக்கப்போவது இரவு ஷிப்டில் பம்புக்குப் பக்கத்தில் நிற்கும் ஆபரேட்டர். டிப்ளமோ படித்திருப்பார், திரையில் வரும் ஆங்கிலச் சொற்களை எழுத்துக் கூட்டாமலே அடையாளம் தெரிந்துகொள்வார், ஆனால் மூன்று வரி ஆங்கில வாக்கியத்தைப் படித்துப் பொருள் எடுக்க அவருக்கு நேரம் இருக்காது. இந்தப் பக்கத்தில் இருக்கும் எல்லாப் பதிலும் அவரை மனதில் வைத்து எழுதியவைதான்.

"பெர்மியேட்டை 'சுத்தமான தண்ணீர்'னு போட்டுட்டேன். படிக்கவும் நல்லா இருக்கு. அதுல என்ன தப்பு?"

கையேட்டில் மிகவும் ஆபத்தான தவறு இதுதான், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பெர்மியேட் என்பது சவ்வைத் தாண்டி வந்த தண்ணீர். அது சுத்தமானது என்பது சரி. ஆனால் சுத்தமான தண்ணீர் எல்லாம் பெர்மியேட் இல்லை. நிலையத்தை நிறுத்தும் பகுதியில் "பெர்மியேட்டால் மெம்பரேனைக் கழுவுங்கள்" என்று ஒரு படி இருக்கும். மெம்பரேனை, அதாவது அந்தச் சவ்வை, சுற்றி நிற்கும் அடர்த்தியான உப்புத் தண்ணீரை வெளியே தள்ளத்தான் அந்தக் கழுவல். அந்த இடத்தில் "சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள்" என்று எழுதினால், பெர்மியேட் தொட்டி காலியாக இருக்கும் ஒரு நாளில் ஆபரேட்டர் பக்கத்தில் இருக்கும் குடிநீர்க் குழாயைத் திறப்பார். அவர் பார்வையில் கையேட்டை அப்படியே பின்பற்றியிருக்கிறார்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும். இந்த நிலையங்களில் பெரும்பாலும் இருப்பது பாலிஅமைடு மெம்பரேன்; அதற்குள் போகும் தண்ணீரில் குளோரின் 0.1 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். கடல்நீரில் முன்கட்டத்தில் போடும் குளோரினைக்கூட சோடியம் மெட்டாபைசல்பைட் சேர்த்து முறித்த பிறகுதான் மெம்பரேனுக்கு அனுப்புவார்கள். குளோரின் பாலிஅமைடு அடுக்கை ஆக்சிஜனேற்றம் செய்து பிய்த்துவிடும். அதை எந்த ரசாயனக் கழுவலாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஒரு தடவை கழுவியதில் உடனே தெரியாது. அதுவே வழக்கமாகிவிட்டால் சில மாதங்களில் பெர்மியேட்டின் மின்கடத்துதிறன் மெல்ல மெல்ல ஏறும், தண்ணீர் அளவும் கூடும், எல்லோரும் மெம்பரேன் தரத்தைக் குறை சொல்வார்கள்.

"குடிநீர்" என்றும் எழுதக் கூடாது. பெர்மியேட்டில் தாது உப்பு மிகக் குறைவு; சுண்ணாம்பு போன்றவை சேர்த்து, மறுபடி குளோரின் போட்ட பிறகுதான் அது குடிநீர் ஆகிறது. ஒரே நிலையத்துக்குள் குளோரின் இல்லாத பெர்மியேட்டும் குளோரின் உள்ள குடிநீரும் பக்கத்துப் பக்கத்துக் குழாய்களில் ஓடும். இரண்டுக்கும் ஒரே பெயர் வரவே கூடாது.

"சரி, அப்போ எந்தச் சொல்ல தமிழ்ல போடுறது, எத அப்படியே விடுறது?"

ஆபரேட்டர் அந்தச் சொல்லைக் கண்ணால் எங்கே பார்க்கிறார் என்று பாருங்கள். திரையில் `PERMEATE DUMP` என்றும், குழாயில் ஒட்டிய பட்டையில் பெர்மியேட் என்றும், சவ்வில் உப்புப் படியாமல் தடுக்கும் ரசாயனத்தின் கேன் மேல் ஆன்டிஸ்கேலன்ட் என்றும் இருந்தால் கையேட்டிலும் பெர்மியேட், ஆன்டிஸ்கேலன்ட் என்றே தமிழ் எழுத்தில் விடுங்கள். முதல் முறை வரும்போது மட்டும் ஒரு வாக்கியத்தில் விளக்குங்கள்: "பெர்மியேட் என்பது மெம்பரேனைத் தாண்டி வரும், உப்பு நீங்கிய, குளோரின் இல்லாத தண்ணீர்." திரையில் வரும் பொத்தான் பெயரையும் அலாரம் பெயரையும் ஆங்கில எழுத்திலேயே, திரையில் உள்ளபடியே கொடுங்கள், தமிழாக்கினால் அவர் தேடும்போது கிடைக்காது. எங்கும் எழுதி ஒட்டாத செயல்களையும் நிகழ்வுகளையும், அதாவது கழுவுதல், படிவு, கசிவு, அழுத்த இழப்பு போன்றவற்றை, தாராளமாகத் தமிழில் எழுதலாம்.

மெம்பரேன் விஷயத்தில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கில மூலத்தில் மெம்பரேன் என்பது சில இடத்தில் அந்த மெல்லிய சவ்வையும், சில இடத்தில் 8 அங்குல விட்டமும் 40 அங்குல நீளமும் உள்ள சுருட்டிய உருளையையும் குறிக்கும். சவ்வின் தன்மையைப் பேசும் இடத்தில் "சவ்வு" என்றும், கழற்றி மாட்டும் பொருளுக்கு "மெம்பரேன் எலிமென்ட்" என்றும் நான் பிரித்துவிடுகிறேன். எலிமென்ட்டைத் "தனிமம்" என்று போட்ட வரைவுகள் என்னிடம் திருத்தத்துக்கு வந்திருக்கின்றன. அது வேதியியல் பாடத்துச் சொல். இங்கே அது ஒரு உருளை. ஒரு நீண்ட அழுத்தக் குழாய்க்குள் ஆறு முதல் எட்டு வரை வரிசையாகப் போடுவார்கள்.

"ரிஜெக்ட், ரிஜெக்‌ஷன் ரெண்டும் ஒரே வேர்ச்சொல்தானே? ரெண்டுக்கும் 'கழிவு'ன்னு வெச்சா என்ன?"

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். ஒரு மணி நேரத்துக்கு 100 கன மீட்டர் கடல்நீர் உள்ளே போகிறது, அதில் லிட்டருக்கு 35,000 மில்லிகிராம் உப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரிகவரி 40 சதவீதம் என்றால் 40 கன மீட்டர் பெர்மியேட்டாக வருகிறது, மீதி 60 கன மீட்டர் வெளியே போகிறது. அந்த 60தான் ரிஜெக்ட். உப்பு கிட்டத்தட்ட முழுவதும் அதில் சேர்ந்துவிடுவதால் அதன் உப்பு லிட்டருக்கு 58,000 மில்லிகிராமுக்குப் போகும்.

ரிஜெக்‌ஷன் என்பது தண்ணீரின் அளவு இல்லை. சவ்வு உப்பை எவ்வளவு தடுக்கிறது என்கிற விகிதம். 99 சதவீதம் என்றால் 35,000இல் ஒரு சதவீதம், அதாவது 350 மில்லிகிராம்தான் பெர்மியேட்டுக்கு வருகிறது. இது கூடினால் நல்லது. இரண்டுக்கும் "கழிவு" என்று போட்டால் "கழிவு 99 சதவீதம்" என்று ஒரு வரி வரும். படிப்பவர் நூறு லிட்டரில் ஒரு லிட்டர்தான் கிடைக்கிறது என்று நினைப்பார். இன்னும் மோசம், "கழிவு விகிதம் குறைந்தால் மெம்பரேனைக் கழுவவும்" என்று வரும்போது அவர் ரிஜெக்ட் ஓட்டத்தின் மீட்டரைப் பார்ப்பார். பார்க்க வேண்டியது மின்கடத்துதிறன் மீட்டர்.

நான் தண்ணீரை "ரிஜெக்ட்" என்றும் விகிதத்தை "உப்புத் தடுப்பு" என்றும் எழுதுகிறேன். இரண்டு சொல்லும் காதுக்கு ஒன்றுபோல் கேட்காமல் இருப்பதுதான் எனக்கு வேண்டியது. ரிகவரியை "மீட்பு" ஆக்க வேண்டாம்; அதே கையேட்டில் ரிஜெக்ட்டின் அழுத்தத்தைத் திரும்பப் பயன்படுத்தும் "ஆற்றல் மீட்புக் கருவி" வரும், அதோடு குழம்பும்.

"ஸ்கேல்னா செதில்தானே அக்கா? அகராதியில அப்படித்தான் இருக்கு."

மீனுக்குத்தான் செதில். இங்கே ஸ்கேல் என்பது கரைந்திருந்த உப்பு கரைய முடியாத அளவுக்கு அடர்ந்துபோய்ச் சவ்வின் மேல் கெட்டியாகப் படிவது. கால்சியம் கார்பனேட்தான் வழக்கமானது; கெண்டியின் அடியில் வெள்ளையாகப் பிடிக்குமே, அதே சரக்கு. "உப்புப் படிவு" என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும்.

ஃபௌலிங் என்ற இன்னொரு சொல்லும் வரும். அது சேறு, பாசி, நுண்ணுயிர்ப் படலம், கரிமப் பொருள் போன்றவை ஒட்டிக்கொள்வது. மூலத்தில் சில இடங்களில் எல்லாவற்றுக்கும் பொதுவாகவும் இதைப் போடுவார்கள். இரண்டையும் "அடைப்பு" என்று ஒன்றாக்கிவிட்டால் ஆபரேட்டர் தவறான ரசாயனத்தை எடுப்பார். தண்ணீர் ஒவ்வொரு எலிமென்ட்டாகத் தாண்டும்போது அடர்ந்துகொண்டே போவதால் உப்புப் படிவு வரிசையின் கடைசி எலிமென்ட்டில் தொடங்கும். சேறும் நுண்ணுயிர்ப் படலமும் முதலில் நிற்கும் எலிமென்ட்டில் தொடங்கும். கார்பனேட் படிவை சிட்ரிக் அமிலம் போன்ற அமிலக் கரைசல் கரைக்கும். நுண்ணுயிர்ப் படலத்துக்கும் கரிமப் பொருளுக்கும் காரக் கரைசல் வேண்டும். அதற்கு முதலில் அமிலத்தைப் போட்டால் சில வேளைகளில் படலம் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். அதனால் "உப்புப் படிவு", "அழுக்குப் படலம்" என்று இரண்டு பெயர் வையுங்கள். மூலம் பொதுவாகச் சொல்லும் இடத்தில் "உப்புப் படிவோ அழுக்குப் படலமோ" என்று விரித்து எழுதுங்கள். வாக்கியம் நீளும், பரவாயில்லை.

"ஆன்டிஸ்கேலன்ட் பக்கத்துல '3 பிபிஎம் ஆஸ் ப்ராடக்ட்'னு இருக்கு. ப்ராடக்ட்னா ப்ராடக்ட் வாட்டர், அதாவது பெர்மியேட்தானே?"

இல்லை. பெர்மியேட்டைச் சில கையேடுகள் ப்ராடக்ட் வாட்டர் என்று சொல்வதால் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. இங்கே ப்ராடக்ட் என்பது கேனில் வந்த சரக்கு. "கேனில் இருக்கும் நிலையிலேயே அளந்து, உள்ளே போகும் தண்ணீர் ஒவ்வொரு லிட்டருக்கும் 3 மில்லிகிராம்" என்பதுதான் பொருள்.

மேலே போட்ட கணக்கின் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போவது மணிக்கு 100 கன மீட்டர், அதாவது ஒரு லட்சம் லிட்டர். லிட்டருக்கு 3 மில்லிகிராம் என்றால் மணிக்கு 300 கிராம் சரக்கு வேண்டும். "பெர்மியேட் அளவுக்கு" என்று தமிழாக்கினால் 40 கன மீட்டருக்குக் கணக்குப் போட்டு 120 கிராம்தான் போடுவார்கள். உள்ளே போகும் தண்ணீரில் அது லிட்டருக்கு 1.2 மில்லிகிராம். பம்பு ஓடும், அலாரம் வராது, ஆனால் கடைசி எலிமென்ட்டில் உப்புப் படிய ஆரம்பிக்கும். தவறு எதிர்ப் பக்கமும் போகலாம்: சரக்கில் செயல்படும் பொருள் 30 சதவீதம்தான் என்று இன்னொரு பக்கத்தில் இருப்பதைப் பார்த்து "செயல்படும் பொருள் 3 மில்லிகிராம்" என்று எழுதிவிட்டால் மணிக்கு ஒரு கிலோ போகும். அதிகமான ஆன்டிஸ்கேலன்ட்டே படிவாக மாறுவதும் உண்டு.

தண்ணீர் கலந்து போடும் நிலையம் என்றால் கலவை விகிதத்தையும் சேர்த்து எழுதுங்கள். எடையில் 10 சதவீதக் கரைசல் என்றால் அந்த 300 கிராமுக்கு மணிக்கு 3 கிலோ கரைசல், ஏறக்குறைய 3 லிட்டர், பம்பிலிருந்து போக வேண்டும். கேனில் இருக்கும் சரக்கு தண்ணீரைவிடக் கனமானது என்பதால் மூலத்தில் கிராம் என்று இருப்பதை மில்லிலிட்டர் என்று மாற்றிவிடாதீர்கள்.

இன்னொன்று. முன்கட்டத்தில் சேற்றைத் திரட்டப் போடும் கோயாகுலன்ட்டையும் ஆன்டிஸ்கேலன்ட்டையும் "சேர்க்கும் ரசாயனம்" என்று பொதுப்பெயரில் எழுதிய வரைவுகளும் வருகின்றன. நேர்மின்னேற்றம் உள்ள பாலிமர் கோயாகுலன்ட் எஞ்சி வந்து எதிர்மின்னேற்றம் உள்ள ஆன்டிஸ்கேலன்ட்டோடு சேர்ந்தால் பசை மாதிரி ஒன்று உண்டாகி மெம்பரேனில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு ரசாயனத்தையும் ஒவ்வொரு முறையும் முழுப் பெயரில் சொல்லுங்கள்.

"'இது ஆகும் வரைக்கும் அதைச் செய்யாதே'ங்கிற மாதிரி வாக்கியம் நெறைய இருக்கு. அப்படியே மாத்துனா ஏதோ சுத்திச் சுத்தி வருது."

தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. "செய்ய வேண்டாம்" என்ற சொல் வருவதற்குள் படிப்பவர் கை பொத்தானுக்குப் போயிருக்கும். அதனால் தடையாகச் சொன்னதை வரிசையாக மாற்றி எழுதுங்கள்.

உதாரணத்துக்கு, பெர்மியேட் வால்வு திறந்து, காற்று வெளியேறும் வரை உயரழுத்தப் பம்பைத் தொடங்கக் கூடாது என்று மூலம் சொல்கிறது. தமிழில் நான் எழுதுவது இப்படி: "முதலில் பெர்மியேட் வால்வும் ரிஜெக்ட் வால்வும் திறந்திருக்கின்றனவா என்று நேரில் போய்ப் பாருங்கள். அடுத்து, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். ரிஜெக்ட் குழாயில் குமிழி இல்லாமல் தண்ணீர் வந்த பிறகு உயரழுத்தப் பம்பைத் தொடங்குங்கள். அழுத்தத்தை வினாடிக்கு 0.7 பாருக்கு மேல் ஏற்றாதீர்கள்." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரே வேலை.

பெர்மியேட் வால்வுக்கு மட்டும் காரணத்தையும் ஒரு வரியில் சேர்க்கச் சொல்வேன், மூலத்தில் இல்லாவிட்டாலும், வாடிக்கையாளரின் ஒப்புதலோடு. அந்த வால்வு மூடியிருந்தால் பெர்மியேட் பக்கம் அழுத்தம் ஏறும். பம்பு நின்றதும் எதிர்ப்பக்க அழுத்தம் இறங்கிவிட, பெர்மியேட் பக்கத்து அழுத்தம் சவ்வை அதன் தாங்கியிலிருந்து உரித்துவிடும். இந்த வேறுபாடு 0.3 பாரைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. 60 பாரில் ஓடும் கருவிக்கு இது எவ்வளவு சிறியது என்று பாருங்கள். காரணம் தெரிந்த ஆபரேட்டர் அந்த வால்வை ஒருபோதும் சும்மா மூட மாட்டார்.

"பார், விழுக்காடு எல்லாம் நாம எழுதுற மாதிரியே எழுதலாம்தானே?"

நாம் இங்கே விழுக்காடு என்போம், அங்கே சதவீதம். அவர்கள் சொல்லையே போடுங்கள். அழுத்தத்தில் கவனம் வேண்டும்: இந்தியாவில் பல மானிகள் சதுர சென்டிமீட்டருக்குக் கிலோ என்ற அளவில் இருக்கும். ஒரு பார் என்பது 1.02 கிலோ. வித்தியாசம் சிறியதுதான், ஆனால் எண்ணை நீங்களாக மாற்றாமல், அந்த நிலையத்தின் மானி எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள்.

"மூலக் கையேட்டுலயே ஒரு பக்கத்துல பெர்மியேட், இன்னொரு பக்கத்துல ப்ராடக்ட் வாட்டர், மூணாவது பக்கத்துல ட்ரீட்டட் வாட்டர்னு இருக்கு. மூணும் ஒண்ணா வேற வேறயா, யாரக் கேக்கிறது?"

முதலில் படத்தைக் கேளுங்கள். குழாய், வால்வு, மானி எல்லாம் எண்களோடு வரைந்த வரைபடம் ஒன்று ஒவ்வொரு நிலையத்துக்கும் இருக்கும். அதைத் தராத வாடிக்கையாளரிடம் வேலையை ஆரம்பிக்கும் முன்பே கேட்டு வாங்குங்கள். கையேட்டில் சொல் வரும் இடத்தில் எந்த வால்வு எண் இருக்கிறது என்று பார்த்து, படத்தில் அந்த வால்வு சுண்ணாம்பும் குளோரினும் சேர்க்கும் இடத்துக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் இருந்தால் அது பெர்மியேட், மூலத்தில் என்ன பெயர் இருந்தாலும். பின்னால் இருந்தால் "பதப்படுத்திய குடிநீர்". ஏன் இதில் இவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்பதை மூன்றாவது பதிலில் சொல்லியிருக்கிறேன்.

வால்வு எண் இல்லாத வாக்கியங்கள் மிச்சம் இருக்கும். அவற்றை ஊகித்து எழுதாமல், பக்க எண், வாக்கியம், "இது குளோரின் சேர்ப்பதற்கு முந்திய தண்ணீரா, பிந்தியதா?" என்ற ஒரே கேள்வி, இப்படிப் பட்டியலாக்கி நிலையத்தின் பொறியாளருக்கு அனுப்புங்கள். முந்தியது, பிந்தியது என்று ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வி என்பதால் பதில் சீக்கிரம் வந்துவிடும். "ப்ராடக்ட் வாட்டர் என்றால் என்ன?" என்று கேட்டால் "சுத்தமான தண்ணீர்" என்றுதான் பதில் வரும்.